கவுன்சலிங் அறையில் ஓர் இன்டர்ன்: யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்? நோட்டில் எதை எழுதக் கூடாது?

மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து மதுரையில் உள்ள ஒரு கவுன்சலிங் மையத்துக்கு வருகிறார் 32 வயதுப் பெண் ஒருவர். வீட்டில் தையல் கிளாஸுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். தூக்கம் வரவில்லை, கணவரின் குடி, வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை. ஒரு மாதம் யோசித்துத்தான் இந்தக் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே போனால் கவுன்சலரோடு மூலையில் இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார். கையில் நோட்டு, பேனா. "இவங்க எங்க ஸ்டூடன்ட்தான், ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்கிறார் கவுன்சலர். அந்தப் பெண் லேசாகத் தலையாட்டுகிறார்.

இது விளக்கத்துக்காக நாம் கற்பனை செய்துகொண்ட காட்சி. ஆனால் உளவியல் படிக்கும் பலருக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். எம்.எஸ்சி. சைக்காலஜி படிப்பவர்கள் மருத்துவமனையிலோ மையத்திலோ சில வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். முதல் கட்டத்தில் அவர்கள் செய்வது 'அப்சர்வேஷன்', அதாவது உட்கார்ந்து பார்ப்பது மட்டும். பார்க்கத்தானே போகிறோம், இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்று தோன்றும்.

அந்தத் தலையாட்டலில் தொடங்கி, இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகு அந்த நோட்டு எங்கே போகிறது என்பது வரை, தப்பு நடக்கும் இடங்கள் சில உண்டு. அந்த மேலூர் பெண்ணோடும் மூலையில் உட்கார்ந்த மாணவியோடும் சேர்ந்தே அவற்றைப் பார்ப்போம்.

அந்தத் தலையாட்டல் ஒப்புதலா?

இல்லை. கவுன்சலிங்குக்கு வந்ததாலேயே, வேறொருவர் பார்ப்பதற்கும் அவர் சம்மதித்துவிட்டதாக ஆகாது. இரண்டும் தனித்தனி ஒப்புதல்கள்.

இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. 'விவரம் தெரிந்து தரும் ஒப்புதல்' என்றால் என்ன என்று அதன் 2-வது பிரிவு வரையறுக்கிறது. குறிப்பிட்ட ஒரு சிகிச்சைச் செயலுக்காகத் தரப்படுவதாக இருக்க வேண்டும். வற்புறுத்தல், மிரட்டல், ஏமாற்று, தவறான தகவல் எதுவும் இருக்கக் கூடாது. நன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் சொன்ன பிறகே வாங்க வேண்டும். இன்டர்ன் உட்கார்வது பற்றி அந்த வரையறை தனியாகப் பேசவில்லை. ஆனாலும் நம் காட்சியை அளந்து பார்க்க அது நல்ல அளவுகோல்.

அளந்தால் மூன்று ஓட்டைகள் தெரியும். முதலாவது, நேரம். மாணவி ஏற்கெனவே அறையில் உட்கார்ந்த பிறகு கேள்வி வருகிறது. 'வேண்டாம்' என்று சொன்னால் அவரை எழுந்து போகச் சொல்வதாகிவிடும். நம் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? இரண்டாவது, கேள்வியின் வடிவம். "பிரச்சினை இல்லையே?" என்று கேட்டால் "இல்லைங்க" என்ற பதில்தான் வரும். மூன்றாவது, தகவல். அந்த மாணவி யார், எதற்காக இருக்கிறார், எழுதுவாரா, எழுதியதை யார் படிப்பார்கள் என்று எதுவுமே சொல்லப்படவில்லை.

சரியான முறையில், மாணவி வெளியே இருக்கும்போது கவுன்சலர் தனியாகக் கேட்பார். ஏறக்குறைய இப்படி:

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். எங்ககிட்ட படிக்கிற ஒரு பொண்ணு வெளிய இருக்காங்க. நான் எப்படி கவுன்சலிங் பண்றேன்னு பார்த்துக் கத்துக்க வந்திருக்காங்க. உள்ள வந்தா பேச மாட்டாங்க, சும்மா கவனிப்பாங்க. நீங்க போன பிறகு கொஞ்சம் குறிப்பு எழுதுவாங்க, அதுல உங்க பேரு, ஊரு இருக்காது. அந்தக் குறிப்பை நான் பார்ப்பேன், அவங்க காலேஜ் டீச்சர் பார்ப்பாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, உங்களுக்கு நடக்குற கவுன்சலிங்ல எந்த மாற்றமும் இருக்காது. பாதியில வேணாம்னு தோணுனாலும் சொல்லலாம், அவங்க எழுந்து போயிருவாங்க. என்ன சொல்றீங்க?"

ஒரு நிமிடம்கூட ஆகாத பேச்சு. ஆனால் யார், எதற்கு, என்ன எழுதுவார், யார் படிப்பார், மறுத்தால் என்ன ஆகும், பிறகு மனம் மாறினால் என்ன வழி என்ற எல்லாமே அதில் வந்துவிட்டது. கையெழுத்து வாங்கும் படிவம் இந்தப் பேச்சுக்குப் பிறகு வர வேண்டியது. ஆங்கிலப் படிவத்தை நீட்டி "இங்க ஒரு சைன் போடுங்க" என்றால், கிடைப்பது கையெழுத்து மட்டும்தான்.

புரிந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்பது. "அந்தப் பாப்பாவும் எனக்கு டிரீட்மென்ட் கொடுக்கும்" என்று பதில் வந்தால், மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும்.

வருபவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். அதோடு அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அம்மா "இருக்கட்டும் மேடம்" என்று சொல்லி, 15 வயது மகன் தலையைக் குனிந்துகொண்டால், இன்டர்ன் வெளியே இருப்பதே சரி. கணவன் மனைவி சேர்ந்து வந்தால் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலே போதும்.

'ரகசியமா வச்சுக்குவோம்' என்றால் எதுவரை?

பலர் சறுக்கும் இடம் இது. "இங்க பேசுறது இந்த நாலு சுவத்தத் தாண்டாது" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது காப்பாற்ற முடியாத வாக்கு. சில விஷயங்கள் தாண்டித்தான் ஆக வேண்டும். எவை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

2017 சட்டத்தின் 23-வது பிரிவு, மனநோய் உள்ளவரின் தகவல்கள் ரகசியமாக இருப்பது அவரது உரிமை என்கிறது. சிகிச்சை தருபவர்கள் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். அதே பிரிவு விலக்குகளையும் சொல்கிறது. சிகிச்சைக்காக வேறொரு நிபுணரிடம் பகிரலாம். அவர் நியமித்த பிரதிநிதியிடம் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, வேறொருவருக்குத் தீங்கு நேரும் என்றாலோ, நீதிமன்றம் உத்தரவிட்டாலோ சொல்லலாம். வேறொருவரைக் காக்கச் சொல்லும்போதும், அந்தத் தீங்கைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் பேசுவது மனநோய் உள்ளவரையும் அவருக்குச் சிகிச்சை தருபவரையும் பற்றி. பரீட்சை பயம், கல்யாணக் குழப்பம் என்று கவுன்சலிங்குக்கு வருபவர்கள் அதன் வார்த்தைகளுக்குள் அப்படியே அடங்காமல் போகலாம். அங்கே ரகசியத்தைக் காப்பது தொழில் நெறியும், மையம் கொடுத்த வாக்கும்தான். இன்னொன்றும் உண்டு. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. கவுன்சலருக்கு அப்படி ஒரு கவசம் இல்லை. இன்டர்னுக்கும் இல்லை.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் விதி இன்னும் கறாரானது. போக்சோ சட்டம் 2012-ன் 19-வது பிரிவு, அப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ 'எந்த நபரும்' போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'எந்த நபரும்' என்பதில் மூலையில் உட்கார்ந்திருக்கும் மாணவியும் அடக்கம். அதற்காக அவர் தானாகப் போனை எடுத்து அழைக்கத் தொடங்கக் கூடாது. அமர்வு முடிந்த உடனே, வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, சூப்பர்வைசரிடம் பேச வேண்டும். புகார் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதுரைப் பெண்கள் வழக்கு சொல்வது என்ன?

கவுன்சலிங் அறையில் பேசியது வெளியே வருவதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ முடிவு செய்து சென்னைக்குப் போனார்கள். பெற்றோர்கள் மதுரையில் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாப்பு கேட்டு, அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும் ஓர் உளவியலாளரிடம் கவுன்சலிங்குக்கு அனுப்பினார். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானும் உளவியலாளரோடு ஓர் அமர்வில் உட்கார விரும்புவதாகச் சொல்லி, அப்படியே செய்தார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவு, பால் ஈர்ப்பை 'குணப்படுத்த' முயல்வதைத் தடை செய்யச் சொன்னது. நாடு முழுக்கப் பேசப்பட்டது.

நம் கேள்விக்குத் தேவையானது அந்த வழக்கின் இன்னொரு பக்கம். உளவியலாளரின் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. பெற்றோர்கள் எதை நினைத்து அஞ்சுகிறார்கள், ஊர் என்ன சொல்லும் என்று எப்படிக் கவலைப்படுகிறார்கள் என்பதன் சுருக்கம் உத்தரவில் இடம்பெற்றது. அங்கிருந்து செய்திகளுக்கும் வந்தது. இதில் யாரும் ரகசியத்தை உடைக்கவில்லை. அந்தக் கவுன்சலிங்கைக் கேட்டதே நீதிமன்றம். அறிக்கை போகும் என்பதுதான் ஏற்பாடு.

ஆகவே எந்த அமர்விலும் இன்டர்ன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 'இவரை இங்கே அனுப்பியது யார்?' என்பது. தானாக வந்தவரா, குடும்ப நீதிமன்றம் அனுப்பியதா, மகளிர் காவல் நிலையம் சொல்லி வந்தாரா, கம்பெனி எச்.ஆர். அனுப்பினாரா, பள்ளி அனுப்பியதா? அதைப் பொறுத்து, பேசியதில் எவ்வளவு யாருக்குப் போகும் என்பது மாறும். போகும் என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பேசி முடித்த பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் தெரியும்.

தெரிந்த முகமாக இருந்தால்?

மதுரை பெரிய ஊர்தான். ஆனாலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் இங்கேதான் வருகிறது. கல்லூரிப் பிள்ளைகளும் அதே ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள்.

நம் மாணவியும் மேலூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். முதல் அமர்வில் அந்தப் பெண்ணை அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது அமர்வில், கணவர் பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை வைத்திருப்பதாக அவர் சொல்கிறார். மாணவிக்குச் சுருக்கென்கிறது. தன் அண்ணனின் நண்பர் கடை அது.

இப்போது என்ன செய்வது? அமர்வின் நடுவே "அய்யோ, அவரை எனக்குத் தெரியுமே" என்று சொல்லக் கூடாது. முகத்தில் காட்டாமல் இருந்து, முடிந்ததும் கவுன்சலரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்த அமர்வுக்கு முன் கவுன்சலர் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்வார். "எங்க ஸ்டூடன்ட் உங்க ஊர்ப் பக்கம்தான், உங்க வீட்டுக்காரர் கடை அவங்க வீட்ல பழக்கம்னு தெரிய வந்துச்சு. அதனால இனி அவங்க உட்கார மாட்டாங்க. இதுவரைக்கும் கேட்டதை வெளிய சொல்ல மாட்டாங்க" என்று. சங்கடமான பேச்சுதான். ஆனால் மறைத்து, நாளைக்குக் கோயில் திருவிழாவில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் அதைவிடப் பெரிய சங்கடம்.

வழியில் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்றும் முன்பே பேசி வைப்பது நல்லது. நாமாகப் போய் வணக்கம் சொல்வதில்லை. அவர் பேசினால் பேசலாம், எப்படிப் பழக்கம் என்று கூட இருப்பவர்களிடம் சொல்வதில்லை. தையல் கிளாஸ் என்று சொல்லி வந்தவருக்கு, ஒரு புன்னகைகூட வீட்டில் கேள்வியாக மாறலாம்.

ரகசியம் பெரும்பாலும் கசிவது சாதாரணப் பேச்சில்தான். பஸ்ஸில் இரண்டு மாணவிகள், "இன்னிக்கு ஒரு கேஸ்டி, மேலூர்ப் பக்கம், புருஷன் செல்போன் கடை..." என்று ஆரம்பிக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெயர் தேவையே இல்லை.

நோட்டில் யாரைப் பற்றி எழுத வேண்டும்?

நிறைய மாணவர்களின் நோட்டுகள் தடம் மாறுவது ஒரே காரணத்தால். வந்தவரின் கதையை எழுதுகிறார்கள். ஆனால் இன்டர்ன் அங்கே கற்க வந்தது கவுன்சலரின் வேலையை. அவர் எப்போது கேட்டார், எப்போது சும்மா இருந்தார், அழுகை வந்தபோது என்ன செய்தார் என்பதைத்தான். இந்த ஒன்றை மனதில் வைத்தாலே நோட்டில் இருக்க வேண்டாத பாதி விஷயம் தானாகவே போய்விடும்.

இரண்டு வகைக் குறிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மையத்தின் ஃபைல். அதை எழுதுவது கவுன்சலர். தேதி, எவ்வளவு நேரம், என்ன பிரச்சினையோடு வந்தார், என்ன செய்யப்பட்டது, ஆபத்து ஏதும் உண்டா, அடுத்து என்ன என்று அதில் இருக்கும். அது மையத்தை விட்டு வெளியே போகாது. மற்றொன்று, இன்டர்னின் கற்றல் குறிப்பு. கல்லூரிக்குப் போவது இதுதான். ஃபைலைப் பார்த்து இதில் நகல் எடுப்பதோ, போனில் போட்டோ எடுப்பதோ கூடாது.

நம் மாணவி இரண்டாவது அமர்வுக்குப் பிறகு முதலில் எழுதியது இது:

"32 வயது, மேலூர் பக்கம், கணவர் பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கடை. குடிகாரர். வீட்டுக்குத் தெரியாமல் தையல் கிளாஸ் என்று சொல்லி வருகிறார். டிப்ரஷன் கேஸ். அழுதுகொண்டே இருந்தார், கொஞ்சம் ஓவராகத் தோன்றியது."

பெயர் இல்லை. ஆனாலும் மேலூரில் யார் கையில் கிடைத்தாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். 'டிப்ரஷன்' என்பது நோய் பற்றிய முடிவு. அதைச் சொல்லும் தகுதி பார்க்க வந்த மாணவிக்கு இல்லை. 'குடிகாரர்' என்பது மாணவியின் சொல்லா, அந்தப் பெண்ணின் சொல்லா என்று தெரியவில்லை. 'ஓவராகத் தோன்றியது' என்பது மாணவியின் மனதைப் பற்றிய செய்தி, வந்தவரைப் பற்றியது இல்லை. இவ்வளவு எழுதியும், கவுன்சலர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

சூப்பர்வைசர் பார்த்த பிறகு அதே அமர்வின் குறிப்பு இப்படி மாறியது:

"நபர் 3, அமர்வு 2, 50 நிமிடம். முப்பதுகளில் உள்ள பெண். மூன்று வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை என்றார். வீட்டு நிலைமை பற்றிப் பேசும்போது இருமுறை பேச்சு நின்றது, அழுதார். கவுன்சலர் உடனே ஆறுதல் சொல்லாமல் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு 'இதை இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலையா' என்று கேட்டார். அதன் பிறகு அவர் தானாகவே விரிவாகப் பேசினார். தற்கொலை எண்ணம் உண்டா என்று கவுன்சலர் நேரடியாகக் கேட்டார். என் கேள்வி: காத்திருப்பதா, பேசுவதா என்று எப்படி முடிவு செய்வது?"

பார்த்தது, கேட்டது, தன் கேள்வி மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஆளை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை. முதல் குறிப்பைவிடக் கற்றதும் அதிகம்.

எழுதும் நேரமும் முக்கியம். அமர்வு நடக்கும்போது பேனா ஓடக் கூடாது. வந்தவரின் கண் பேனா மேலேயே இருக்கும். 'இதை எழுதிக்கிறாங்க' என்று பட்டதும் பேச்சு சுருங்கிவிடும். முடிந்த பிறகு, அன்றைக்கே, மையத்திலேயே உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போய் இரவில் எழுதினால், மறந்த இடங்களைக் கற்பனை நிரப்பிவிடும்.

குறைத்து எழுதக் கூடாதது ஒன்று உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்போ எதையுமே எழுதாம இருந்தா பாதுகாப்பு' என்று நினைத்தால் அதுவும் தவறு. உயிர் ஆபத்து பற்றிய பேச்சை மையத்தின் ஃபைலில் விடக் கூடாது.

அந்த மேலூர் பெண், "சில நேரம் இல்லாமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்" என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சலர் ஃபைலில், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோளில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு என்ன கேட்கப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார், என்ன பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டது, அடுத்து எப்போது பார்க்கிறோம், மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டாரா என்பதும் இருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தக் கவுன்சலர் லீவில் இருந்து வேறொருவர் பார்க்க நேர்ந்தால், அவருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

கவுன்சலர் வெளியே போயிருக்கும் நேரத்தில், காத்திருக்கும் இடத்தில் அந்தப் பெண் மாணவியிடம் இதைச் சொன்னால்? "யார்கிட்டயும் சொல்லிராதம்மா" என்றும் கேட்டால்? "சரிங்கக்கா" என்று சொல்லிவிடக் கூடாது. "நீங்க சொன்னதை மேடம்கிட்ட கண்டிப்பா சொல்லணும்க்கா, உங்களைத் தனியா விட மாட்டோம்" என்று சொல்லி, அப்போதே அழைத்துப் போக வேண்டும். இப்படிப்பட்ட ரகசியத்தைத் தனியாகச் சுமக்கும் இடத்தில் இன்டர்ன் இல்லை.

ஃபைலில் தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசுவதோ பக்கத்தைக் கிழிப்பதோ கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். 2017 சட்டத்தின் 25-வது பிரிவு, தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை மனநோய் உள்ளவருக்குத் தருகிறது. 'இதை அவரே ஒருநாள் படிப்பார்' என்று நினைத்து எழுதினால், 'ஓவராகத் தோன்றியது' போன்ற வரிகள் பேனாவிலிருந்து வராது.

போனில் எழுதி வைக்கலாமா?

வேண்டாம். அதற்குப் பின்லாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். வாஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனம் அங்கே பல ஊர்களில் மையங்கள் நடத்தியது. அதன் கணினியில் பெயர், அடையாள எண், அமர்வுக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து இருந்தன. ஒருவர் அதற்குள் புகுந்து திருடினார். 2020-ல் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டார். பிறகு சிகிச்சைக்கு வந்தவர்களுக்கே நேராக இமெயில் அனுப்பி, பணம் தராவிட்டால் நீங்கள் பேசியதை வெளியிடுவேன் என்று மிரட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். 2024-ல் குற்றவாளிக்கு 6 ஆண்டு 3 மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் வெளியே போன குறிப்புகளைத் திரும்ப வாங்க வழியில்லை.

பெரிய நிறுவனத்துக்கு நடந்தது நமக்கு எதற்கு என்று தோன்றலாம். உங்கள் போனில் உள்ள நோட்ஸ் ஆப் உங்கள் இமெயில் கணக்கோடு இணைந்திருக்கலாம். போட்டோ எடுத்தால் அது தானாக பேக்கப் ஆகும். தம்பி கேம் விளையாடக் கேட்டால் போனைக் கொடுத்துவிடுவோம். சந்தேகம் கேட்க சூப்பர்வைசருக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜ், விரல் தவறினால் ஃபேமிலி குரூப்புக்குப் போய்விடும். அதனால் குறிப்புக்குக் காகித நோட்டே நல்லது. அதில் எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் கவுன்சலரிடம், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், 'நேத்து வந்த ஒருத்தரைப் பத்திப் பேசணும் மேடம், எப்ப வரலாம்?' என்று மட்டும் மெசேஜ் போடுங்கள்.

"எங்க வீட்டுப் பொண்ணு அங்க வந்துச்சா?"

ஒருநாள் மையத்தின் போன் அடிக்கிறது. கவுன்சலர் அமர்வில் இருக்கிறார். மாணவி எடுக்கிறார். "மேலூர்ல இருந்து பேசுறேன். எங்க வீட்டுப் பொண்ணு அங்க வருதுன்னு சொன்னாங்க. நான் நாத்தனார்தான். என்னம்மா பிரச்சினை அதுக்கு?"

குரலில் அக்கறை இருக்கலாம். ஆனாலும் "வந்தாங்க" என்பதே ரகசியம்தான். "அப்படி யாரும் வரலை" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "இங்க யார் வர்றாங்க, வரலைங்கிறதை நாங்க யாருக்கும் சொல்றதில்லைங்க. யார் கேட்டாலும் இதுதான் பதில். நீங்க ஏதாவது பேசணும்னா மேடம்கிட்ட சொல்றேன், உங்க நம்பர் கொடுங்க" என்பதே போதும். அந்த அழைப்பு வந்ததைக் கவுன்சலரிடம் சொல்ல வேண்டும். அடுத்த அமர்வில் அந்தப் பெண்ணுக்கும் அது தெரிவிக்கப்பட வேண்டும். தையல் கிளாஸ் கதை வீட்டில் கலைந்துவிட்டது என்பதை அவர் வீட்டுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

கடைசி நாளில் அந்த நோட்டு

இன்டர்ன்ஷிப் முடிந்து கல்லூரிக்கு ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அடையாளம் காட்டுவது பெயர் மட்டுமல்ல. ஊர், தொழில், வயது, குடும்ப அமைப்பு என நாலைந்து சின்ன விவரங்கள் சேர்ந்தால் போதும். ஊரை 'ஒரு சிறு நகரம்' என்றும், செல்போன் கடையை 'சிறு வியாபாரம்' என்றும், 32-ஐ 'முப்பதுகளில்' என்றும் எழுதலாம். பிறகு ஒரு சோதனை: அந்தப் பெண்ணின் நாத்தனார் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் இன்னும் நீக்க வேண்டும்.

சமர்ப்பிக்கும் முன் கவுன்சலர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் பிரசன்டேஷன் செய்யும்போதும் இதே விதிதான். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களிலும் மேலூர்க்காரர்கள் இருப்பார்கள்.

மிச்சமிருப்பது அந்தக் கற்றல் நோட்டு. அதை ஞாபகத்துக்காக வீட்டு அலமாரியில் வைத்தால், இரண்டு வருடம் கழித்து பழைய பேப்பர்காரருக்கு எடை போடும் கட்டில் அதுவும் சேர்ந்துவிடும். கடைசி நாளில் அதைக் கவுன்சலரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அவர் முன்னிலையில் துண்டு துண்டாகக் கிழித்து அழிக்க வேண்டும். முதல் நாள் அந்தப் பெண்ணிடம் 'யார் படிப்பார்கள்' என்று சொன்ன பட்டியலில் கவுன்சலரும் கல்லூரி ஆசிரியரும்தான் இருந்தார்கள். பழைய பேப்பர்காரர் இல்லை.

*(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால், டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.)*